கறுப்பு லெதர் ஜாக்கெட்டை மெரூனாக மாற்றுவது: பளபளப்பும் மடிப்பும் கெடாமல்

கேள்வி: ஸ்டூடியோவில் எடுத்த படம். மாடல் அணிந்திருப்பது நல்ல பளபளப்பான கறுப்பு லெதர் ஜாக்கெட். கேட்டலாகுக்காக அதை மெரூனாக மாற்றித் தரச் சொல்கிறார்கள். ஃபோட்டோஷாப்பில் Hue/Saturation-இல் Colorize போட்டும் பார்த்தேன், Color மோடில் பிரஷ்ஷால் பூசியும் பார்த்தேன். பளபளப்பெல்லாம் ரோஸ் ஆகிவிடுகிறது, மடிப்புகள் தட்டையாகின்றன, மொத்தத்தில் மலிவான ரெக்சின் போலத் தெரிகிறது. எப்படிச் செய்வது? இதே படத்திலிருந்து கரும்பச்சையும் க்ரீமும்கூடக் கேட்கிறார்கள்.

பதில்:

கறுப்பின்மேல் நிறத்தைப் பூசாதீர்கள். மெரூன் நிறத்தைத் தனி லேயராகக் கீழே வைத்து, அசல் படத்தை அதன்மேல் Screen மோடில் வையுங்கள். மடிப்புகளின் பள்ளங்களை மட்டும் இரண்டுக்கும் நடுவே கையால் வரைந்து சேருங்கள். வேலையின் சாரம் இதுதான். ஆனால் இது ஏன் சரியாக வருகிறது என்பது புரிந்தால்தான் எந்த இடத்தில் கூட்டுவது, எந்த இடத்தில் குறைப்பது என்று உங்களால் தீர்மானிக்க முடியும். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பளபளப்பான தோலிலிருந்து நம் கண்ணுக்கு வரும் ஒளி இரண்டு வகைப்பட்டது. தோலின் மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. விளக்கின் ஒளியில் ஒரு பகுதி அந்தப் பூச்சின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடுகிறது. அது சாயத்தைத் தொடுவதே இல்லை என்பதால் விளக்கின் நிறத்திலேயே, பெரும்பாலும் வெள்ளையாகவே வருகிறது. இதைப் பளபளப்பு ஒளி என்று வைத்துக்கொள்வோம். மீதி ஒளி பூச்சைக் கடந்து சாயத்துக்குள் போய், அங்கே சிதறி, சாயம் விழுங்கியது போக எஞ்சியதை வெளியே கொண்டுவருகிறது. தோலின் நிறம் என்று நாம் காண்பது இந்த இரண்டாவது ஒளியைத்தான். இதை நிற ஒளி எனலாம். ஒரு மெரூன் தோல் துண்டை டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் விளக்கின் கோடு அதில் வெள்ளையாகவே விழும், சிவப்பாக விழாது. பளபளப்பு தன் பொருளின் நிறத்திலேயே திரும்புவது தங்கம், செம்பு போன்ற உலோகங்களில்தான். உங்கள் படத்தில் பளபளப்பு ரோஸ் ஆனதும் அது தோலாகத் தோன்றாமல் போனதற்குக் காரணம் இதுவே.

கறுப்புத் தோலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கறுப்புச் சாயம் உள்ளே நுழைந்த ஒளியை ஏறத்தாழ முழுவதும் விழுங்கிவிடுகிறது. அதனால் உங்கள் படத்தில் ஜாக்கெட்டின் வடிவத்தைக் காட்டிக்கொண்டிருப்பது அனேகமாகப் பளபளப்பு ஒளி மட்டுமே. Colorize அந்தப் பளபளப்பின் வெளிச்சத்தை எடுத்துச் சிவப்பாக்குகிறது. சிவப்பாக வேண்டிய நிற ஒளியோ படத்தில் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றுக்குச் சாயம் ஏற்ற முடியாது. அதை நாம்தான் உண்டாக்க வேண்டும். அதே சமயம், உங்கள் அசல் படமே கிட்டத்தட்ட ஒரு சுத்தமான பளபளப்பு லேயர் என்பது பெரிய வசதி. கீழே நிற ஒளியை வைத்து மேலே இதைக் கூட்டினால் போதும்.

முதலில் தயாரிப்பு. ரா ஃபைல் இருந்தால் 16 பிட்டில் திறந்துகொள்ளுங்கள். இருண்ட பகுதிகளில் நுணுக்கமாக வேலை செய்யப் போகிறோம். 8 பிட்டில் அங்கே படிப்படியான பட்டைகள் தெரியத் தொடங்கும். பிறகு ஜாக்கெட்டை Pen Tool-ஆல் சுற்றி வரைந்து மாஸ்க் செய்யுங்கள். ஜிப், பட்டன், ரிவெட், உள் லைனிங், ஜிப்பைத் தாங்கும் துணிப் பட்டை எல்லாம் மாஸ்க்குக்கு வெளியே இருக்க வேண்டும். மாஸ்க்கின் ஓரம் படத்தின் ஃபோகஸுக்கு ஏற்ப அரை பிக்ஸல் முதல் ஒரு பிக்ஸல் வரை மென்மையாக இருந்தால் போதும். மாஸ்க் ஒரு பிக்ஸல் உள்ளே தள்ளிப்போனாலும் ஜாக்கெட்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு எஞ்சிவிடும். நிறம் மாற்றிய படம் என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

ஒரு குரூப் உண்டாக்கி அதற்கு இந்த மாஸ்க்கைக் கொடுங்கள். குரூப்புக்குள் அடியில் Solid Color லேயர் ஒன்று. மெரூனுக்கு நான் தொடங்கும் மதிப்பு சிவப்பு 130, பச்சை 30, நீலம் 36. இது விளக்கு நேராகப் படும் இடத்தில், பளபளப்பு இல்லாதபோது தோல் காட்ட வேண்டிய நிறம். வாடிக்கையாளர் தோல் சாம்பிள் கொடுத்திருந்தால் அதன் பளபளப்பற்ற பகுதியைப் பார்த்து இந்த எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். அதன்மேல் அசல் படத்தின் நகல் ஒன்றை Screen மோடில் வைத்து, அதற்கு மட்டும் பொருந்தும்படி ஒரு Levels லேயரை க்ளிப் செய்யுங்கள். அசல் படத்தில் நிறச்சாயல் இருந்தால் அதை நீக்காதீர்கள். ஒரு பக்கம் ஜன்னல் வெளிச்சம் நீலமாக விழுந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பளபளப்பு மெரூன் ஜாக்கெட்டிலும் நீலமாகவே விழுந்திருக்கும்.

Levels எதற்கு என்பதை எண்களோடு பார்ப்போம். அசல் படத்தில் கறுப்பாகத் தெரியும் இடம் உண்மையில் பூஜ்யமாக இருப்பதில்லை. 18 என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 18-ஐ நம் மெரூனின்மேல் Screen செய்தால் 130, 30, 36 என்பது 139, 46, 51 ஆகிவிடும். சிவப்பு சற்றே ஏறியிருக்க, பச்சையும் நீலமும் ஏறத்தாழப் பாதி அளவுக்கு உயர்ந்துவிட்டன. செறிவு 77 சதவீதத்திலிருந்து 67-க்கு இறங்கிவிடும். ஜாக்கெட் முழுவதும் தூசி படிந்தாற்போல் வெளிறித் தெரியும். இந்த முறையை முயன்று பார்த்துவிட்டு நிறம் சாம்பல் பூத்துப்போகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தவறவிட்டவர்களே. Levels-இன் இடது ஸ்லைடரை 18-க்கோ 20-க்கோ கொண்டுவந்தால் அந்தப் பனி விலகி, உண்மையான பளபளப்பு மட்டும் நிற்கும். அதற்கு மேல் தள்ளினால், மடிப்பின் சரிவுகளில் இருக்கும் மங்கலான பிரதிபலிப்புகளும் தோலின் நுண்துளை அமைப்பும் மறைந்துபோகும். ஸ்லைடரை நகர்த்தும்போது முழங்கைப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே நகர்த்துங்கள். முதலில் பாதிக்கப்படும் இடம் அதுதான்.

பளபளப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பாருங்கள். அசலில் 225 இருக்கும் பிரகாசமான இடம் புதிய படத்தில் 240, 229, 229 ஆகிறது. கிட்டத்தட்ட வெள்ளை, செறிவு 5 சதவீதத்துக்கும் குறைவு. அசலில் 120 இருக்கும் நடுத்தரப் பளபளப்பு 189, 136, 139 ஆகிறது; செறிவு 28 சதவீதம் உள்ள சாம்பல் கலந்த சிவப்பு. மெரூன் தோலில் பளபளப்பு ஓரத்தை நோக்கித் தேயும்போது நிறம் இப்படித்தான் மெல்லத் திரும்பி வரும். கூட்டுவதென்றால் Linear Dodge (Add) தானே சரி என்று தோன்றலாம். ஆனால் அது திரை எண்களை அப்படியே கூட்டுகிறது. ஒளியின் உண்மையான அளவைக் கணக்கிட்டுக் கூட்டினால் இந்த 120-க்கு ஏறத்தாழ 171, 124, 125 வர வேண்டும். Linear Dodge தருவதோ 250, 150, 156. சிவப்பு சானல் வெகு சீக்கிரம் உச்சத்தைத் தொட்டு, ஹைலைட்டைச் சுற்றித் தட்டையான ரோஸ் திட்டுகள் உண்டாகும். Screen இதைவிட உண்மைக்கு மிக அருகில் இருக்கிறது. கொஞ்சம் கூடுதல் பிரகாசம் மட்டுமே. அதையும் சரிசெய்ய விரும்பினால் Levels-இன் நடு ஸ்லைடரை 0.9-க்கு இறக்குங்கள்.

இப்போது படத்தைப் பார்த்தால் பளபளப்பு நம்பும்படி இருக்கும், ஆனால் ஜாக்கெட் இன்னும் ஒட்டிவைத்ததுபோல் இருக்கும். அடியில் இருக்கும் சிவப்பு எங்கும் ஒரே அளவில் இருப்பதே காரணம். நிற ஒளிக்கு அதன் சொந்த வெளிச்சமும் நிழலும் வேண்டும். விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, நிழல் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை ஜாக்கெட்டில் தேடாதீர்கள். மாடலின் முகத்திலும், உள்ளே போட்டிருக்கும் டீ-ஷர்ட்டிலும், பேன்ட்டிலும் பாருங்கள். அவை பளபளப்பில்லாதவை என்பதால் நிற ஒளியின் போக்கை நேராகக் காட்டும். கன்னத்தின் ஒளிபட்ட பக்கத்துக்கும் நிழல் பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவோ, ஏறத்தாழ அதே வித்தியாசம்தான் ஜாக்கெட்டின் இரு பக்கங்களுக்கும் இடையிலும் இருக்க வேண்டும்.

இந்தப் பெரிய நிழல்களுக்கு, மெரூன் லேயருக்கு மேலும் Screen லேயருக்குக் கீழும் Multiply மோடில் ஒரு லேயர் வைத்து, நடுத்தரச் சாம்பல் நிறத்தை மிக மென்மையான பெரிய பிரஷ்ஷால், Flow 10 சதவீத அளவில், பல முறை தடவி ஏற்றுங்கள். உடம்பின் நிழல் பக்கம், கையின் அடிப்புறம், காலரின் கீழ், பாக்கெட் மூடியின் கீழ் ஆகியவை முக்கியமான இடங்கள். இங்கே கூர்மையான விளிம்பு எதுவும் வரக் கூடாது. பளபளப்பான தோலில் நிற ஒளி எப்போதும் மெதுவாகத்தான் மாறும். கூர்மை முழுவதும் மேலே இருக்கும் பளபளப்பு ஒளிக்கே உரியது. மென்மையான அடித்தளத்தின்மேல் கூர்மையான வெளிச்சம் நிற்கும்போதுதான் மேற்பரப்பு வழவழப்பானது என்று கண் ஏற்றுக்கொள்கிறது. அடித்தளமும் கூர்மையாக இருந்தால் பெயிண்ட் அடித்த தகரம் போலத் தெரியும்.

மடிப்புகளுக்குத்தான் அதிக நேரம் தேவைப்படும். கறுப்பு ஜாக்கெட்டில் மடிப்பின் முகட்டில் பளபளப்புக் கோடு இருக்கிறது. அதன் பள்ளம் கறுப்பு. ஆனால் இரண்டு மடிப்புகளுக்கு இடையே உள்ள சமதளமும் அதே கறுப்புதான். அசல் படத்தில் பள்ளத்துக்கும் சமதளத்துக்கும் வித்தியாசமே இல்லாததால், கீழே சிவப்பை வைத்ததும் இரண்டும் ஒரே சிவப்பாகிவிடுகின்றன. முகட்டின் வெள்ளைக் கோடு மட்டும் எஞ்சி, எதன்மேல் நிற்கிறது என்று தெரியாமல் மிதக்கிறது. நீங்கள் சொன்ன தட்டையாதல் இதுதான். மெரூன் ஜாக்கெட்டில் சமதளம் சிவப்பாகவும் பள்ளம் அதைவிட மிக இருண்டும் இருந்தாக வேண்டும்.

பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிக்க, லேயர்கள் எல்லாவற்றுக்கும் மேலே அசல் படத்தின் நகல் ஒன்றை வைத்து, இருண்ட பகுதிகளை Curves-ஆல் நன்றாகத் தூக்கிவிடுங்கள். இது பார்ப்பதற்கான உதவி லேயர் மட்டுமே. வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். பெரும்பாலான கேமராக்களின் ரா ஃபைலில் இப்படித் தூக்கும்போது பள்ளங்களின் அடிக்கோடு மங்கலாகவாவது தெரியும். தெரியாத இடத்தில் விதி எளிது: முகட்டின் பளபளப்புக் கோடு விளக்கை நோக்கிய பக்கம் இருக்கும், பள்ளம் அதை ஒட்டி விளக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கும். முழங்கையின் உட்புறத்தில் மடிப்புகள் ஒரு மையத்திலிருந்து விசிறிபோல் பிரிந்து போகும். மையத்தில் பள்ளம் ஆழமாகவும் குறுகலாகவும், வெளியே போகப் போக ஆழம் குறைந்தும் அகன்றும் இருக்கும்.

இந்தப் பள்ளங்களைக் கறுப்பு பிரஷ்ஷால் வரையாதீர்கள். சிவப்புத் தோலின் பள்ளத்துக்குள் போகும் ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குத் தாவி, பிறகே வெளியே வருகிறது. இரண்டு முறை மெரூனில் பட்ட ஒளியில் பச்சையும் நீலமும் இன்னும் அதிகமாக விழுங்கப்பட்டிருக்கும். ஆகவே பள்ளம் இருண்டிருந்தாலும் சமதளத்தைவிடச் செறிவு கூடியதாக இருக்கும். இதைப் படத்தில் கொண்டுவர ஓர் எளிய வழி உண்டு. மெரூன் Solid Color லேயரையே நகலெடுத்து, Multiply மோடில் வைத்து, அதன் மாஸ்க்கை முழுக்கக் கறுப்பாக்கி, பள்ளங்களில் மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் திறந்துவிடுங்கள். மெரூனை மெரூனால் பெருக்கும்போது 130, 30, 36 என்பது 66, 4, 5 ஆகிறது. செறிவு 77-லிருந்து 94 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. ஒளி இரண்டு முறை பட்டதன் கணக்கும் இதுவேதான். மிக ஆழமான இடுக்குகளில் மட்டும், முன்பு பெரிய நிழல்களுக்கு வைத்த சாம்பல் லேயரில் ஒரு மெல்லிய கோடு கூடுதலாக இழுங்கள். அப்போது 47, 3, 4 அளவுக்கு இறங்கும். அதற்குக் கீழே முழுக் கறுப்புக்குப் போகும் இடங்கள் ஒரு ஜாக்கெட்டில் வெகு சிலவே: காலர் கழுத்தைத் தொடும் இடுக்கு, அக்குளின் உட்பகுதி, பாக்கெட் வாயின் உள்பக்கம்.

திறந்த நிழலுக்குச் சாம்பல், மடிப்பின் பள்ளத்துக்கு அதன் சொந்த நிறம் என்ற இந்தப் பிரிவினையை விட்டுக்கொடுக்க வேண்டாம். உடம்பின் நிழல் பக்கத்தில் ஒளி குறைகிறதே தவிர இரண்டு முறை தாவுவதில்லை; அங்கே செறிவு ஏறினால் ஜாக்கெட் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். மாறாகப் பள்ளங்களைச் சாம்பலால் மட்டும் வரைந்தால் அழுக்குப் படிந்த கோடுகள்போல் இருக்கும்.

பள்ளத்தை வரையும் முறையையும் ஒரே ஒரு மடிப்பை வைத்துச் சொல்கிறேன். இடப்பக்க முழங்கையில், விளக்கு இடமேலே இருக்கிறது என்று கொள்வோம். முகட்டின் வெள்ளைக் கோடு படத்தில் ஆறு பிக்ஸல் அகலம். அதன் வலப்பக்க விளிம்பை ஒட்டித் தொடங்கி, பன்னிரண்டு முதல் பதினைந்து பிக்ஸல் அகலத்தில் மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கைத் திறக்கிறேன். பிறகு அதே பட்டையின் உள்ளே, முகட்டுக்கு நெருக்கமாக, மூன்று பிக்ஸல் அகலத்தில் இன்னொரு முறை. இப்படிச் செய்தால் பள்ளம் முகட்டின் பக்கம் செங்குத்தாக இறங்கி, மறுபக்கம் மெதுவாகச் சமதளத்தில் கலக்கும். தோல் மடியும்போது பெரும்பாலும் இப்படி ஒரு பக்கம் சரிவு அதிகமாகத்தான் இருக்கும்; இருபக்கமும் ஒரே அளவில் தேயும் கோடு தோல் மடிப்பாகத் தோன்றாது, துணியில் போட்ட பென்சில் கோடாகவே தோன்றும். இந்த வேலையை எல்லா மடிப்புக்கும் செய்ய வேண்டியதில்லை. கண் போகும் இடங்களான முழங்கை, தோள் இணைப்பு, இடுப்பருகே ஜாக்கெட் கசங்கும் இடம் ஆகியவற்றை நன்றாகச் செய்தால் சின்னச் சுருக்கங்கள் மேலே இருக்கும் பளபளப்பு லேயரின் பலத்திலேயே நின்றுவிடும்.

அடுத்து, பலரும் மறந்துவிடும் ஒன்று. ஜாக்கெட் தன்னைத்தானே பிரதிபலிக்கிறது. கையின் உட்புறம் உடம்பைப் பார்த்து நிற்கிறது. அசல் படத்தில் அங்கே கறுப்பு உடம்பு கறுப்புக் கையில் விழுந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஜாக்கெட் மெரூனாக இருந்திருந்தால் அந்த இடத்தில் மங்கலான சிவப்புப் பிரதிபலிப்பு தெரிந்திருக்கும். Screen லேயருக்கும் மேலே, குரூப்புக்கு உள்ளேயே, இன்னொரு லேயரை Screen மோடில் வைத்து, 40, 6, 9 போன்ற மிக இருண்ட மெரூனால் கையின் உட்புறத்திலும், அதை நோக்கிய விலாப் பகுதியிலும், காலரின் உள்மடிப்பிலும் லேசாகத் தடவுங்கள். அதேபோல் மெரூன் தோல் பக்கத்தில் இருப்பவற்றின்மேலும் தன் நிறத்தை வீசும். வெள்ளை டீ-ஷர்ட் ஜாக்கெட்டின் விளிம்பைத் தொடும் இடத்திலும், மாடலின் தாடையின் கீழ்ப்புறத்திலும் மிக மெல்லிய சிவப்புச் சாயல் வேண்டும். குரூப்புக்கு வெளியே Multiply மோடில் வெளிறிய ரோஸ் நிறத்தை 5 முதல் 10 சதவீத ஒபாசிட்டியில் தடவினால் போதும். தனியாகப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஆனால் அந்த லேயரை அணைத்து மீண்டும் போட்டுப் பாருங்கள். ஜாக்கெட் மாடலின் உடம்பில் இருக்கிறதா, படத்தின்மேல் இருக்கிறதா என்பதே மாறும்.

ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்பரப்பை நேராகப் பார்க்கும்போது அதில் பட்ட ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதம் மட்டுமே பளபளப்பாகத் திரும்புகிறது. சாய்ந்த கோணத்தில் பார்க்கப் பார்க்க இது வேகமாக ஏறும். ஆகவே கையும் தோளும் வளைந்து பின்னால் மறையும் விளிம்பில், பின்னணி வெள்ளையாக இருந்தால், ஒரு வெளிறிய பட்டை தெரியும். அந்தப் பட்டை மெரூன் ஜாக்கெட்டிலும் வெளிறியே இருக்க வேண்டும். விளிம்பு போதிய அளவு சிவப்பாக இல்லையே என்று அங்கே நிறத்தைக் கூட்டிவிடாதீர்கள். கூட்டினால் ஜாக்கெட் வெட்டி ஒட்டிய காகிதம்போல் ஆகிவிடும்.

தையல் நூலை முதலிலேயே வாடிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள். மெரூன் ஜாக்கெட்டில் அதே நிற நூலும் போடுவார்கள், கறுப்பு நூலும் போடுவார்கள். விற்கப்போகும் உண்மையான சரக்கில் எது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கடைசியாக, நாம் வரைந்த மெரூன் அடித்தளத்தில் கேமராவின் மணல் போன்ற நாய்ஸ் இருக்காது. படத்தின் மற்ற நிழல்களில் இருக்கும் அளவுக்குப் பொருத்தமாக, Add Noise-ஆல் 1 அல்லது 2 சதவீதம் சேருங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று கண்ணை மட்டும் நம்பாமல் Info பேனலை HSB-க்கு மாற்றி நான்கு இடங்களைத் தொட்டுப் பாருங்கள். பள்ளத்தில் செறிவு 90-க்கு மேல், சமதளத்தில் 75-ஐ ஒட்டி, பளபளப்பின் தேயும் ஓரத்தில் 30-ஐ ஒட்டி, ஹைலைட்டின் நடுவில் 10-க்குக் கீழ் என்று இறங்குவரிசையில் வர வேண்டும். வரிசை எங்கே உடைகிறதோ அங்கேதான் தவறு. ஹைலைட்டில் செறிவு அதிகம் என்றால் நிறம் பளபளப்புக்கு மேலே எங்கோ ஏறியிருக்கிறது. சமதளத்தில் குறைவு என்றால் Levels-இன் கறுப்புப் புள்ளியைக் கவனியுங்கள். பிறகு மேலே ஒரு Black & White லேயரைத் தற்காலிகமாகப் போட்டு அசலோடு ஒப்பிடுங்கள். மெரூன் ஜாக்கெட்டின் கான்ட்ராஸ்ட் கறுப்பு ஜாக்கெட்டைவிடக் குறைந்திருக்க வேண்டும். நிற ஒளி சமதளங்களைத் தூக்கியிருப்பதால் அப்படித்தான் ஆகும். இரண்டும் ஒரேபோல் இருந்தால் அடித்தளம் இன்னும் மிக இருட்டாக இருக்கிறது என்று பொருள்.

கரும்பச்சை எளிது. அடியில் உள்ள Solid Color லேயரையும், பள்ளங்களுக்கான அதன் Multiply நகலையும், இரண்டு சாயல் லேயர்களையும் பச்சைக்கு மாற்றினால் போதும். மாஸ்க்குகள், பெரிய நிழல்கள், பளபளப்பு எதையும் தொட வேண்டாம். 24, 62, 44 போன்ற ஒரு மதிப்பில் தொடங்கிப் பாருங்கள். இது மெரூனைவிட இருண்ட நிறம் என்பதால் பளபளப்பு சற்றுத் தூக்கலாகத் தெரியும். அது இயல்பே, குறைக்க வேண்டியதில்லை.

க்ரீம் நிறத்துக்கு மட்டும் இந்தப் படத்தை ஏற்காதீர்கள் என்றே சொல்வேன். வெளிர் நிறத் தோலில் நிற ஒளியே பெரும்பங்கு. பளபளப்பு அதில் அமுங்கிப்போய், மடிப்புகள் முகட்டின் வெள்ளைக் கோட்டால் தெரியாமல் பள்ளத்தின் நிழலால்தான் தெரியும். அந்த நிழல்களின் தகவல் கறுப்பு ஜாக்கெட்டின் படத்தில் இல்லை. ஒவ்வொரு சுருக்கத்தையும் நீங்களே கற்பனையில் வரைய வேண்டியிருக்கும், அது ஓவியமாகத்தான் முடியும். க்ரீம் ஜாக்கெட்டையே தனியாகப் படமெடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஜாக்கெட்டிலிருந்து எல்லா நிறமும் வேண்டும் என்றால் வெளிர்ச் சாம்பல் அல்லது வெளிர் பழுப்பு ஜாக்கெட்டைப் போட்டு எடுப்பது நல்லது. வெளிர் நிறத்திலிருந்து இருண்ட நிறத்துக்குப் போக முடியும், திரும்பி வருவது கடினம்.

அப்படி மீண்டும் எடுக்கும் வாய்ப்பு கிடைத்தால், ஜாக்கெட்டை மாடலுக்குப் பதில் பொம்மைக்கு மாட்டி, விளக்குகள் எல்லாவற்றின் முன்னும் ஒரே திசையில் போலரைசிங் ஃபிலிமும், லென்ஸில் போலரைசிங் ஃபில்டரும் போட்டு, கேமராவை ட்ரைபாடில் அசையாமல் வைத்து இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். லென்ஸின் ஃபில்டரைத் திருப்பி ஃபிலிமுக்குக் குறுக்காக வைக்கும்போது பளபளப்பு ஏறத்தாழ முழுவதும் மறைந்து நிற ஒளி மட்டும் பதியும். ஃபிலிமுக்கு இணையாகத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து பதியும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பளபளப்பு லேயர் தனியே கிடைக்கும். இரண்டு ஃபில்டர்களையும் கடக்கும்போது ஒளி நிறையக் குறைந்துவிடும் என்பதால், விளக்குகளின் பவரை ஏற்றியோ ஐஎஸ்ஓவைக் கூட்டியோ ஈடுகட்ட வேண்டியிருக்கும். பொம்மை அசையாது என்பதால் இரண்டு படமும் பிக்ஸலுக்குப் பிக்ஸல் பொருந்தும். மாடல் மூச்சுவிட்டாலே முழங்கை மடிப்புகள் இடம் மாறிவிடும். அதனால் இந்த முறையை மாடலை வைத்து முயல வேண்டாம்.